மூன்று அரை ஆயுட்காலம்: ஆறால் வகுப்பதா, எட்டால் வகுப்பதா?

கேள்வி: அயோடின்-131 மாதிரி ஒன்றின் செயல்பாடு 640 பெக்கொரல், அரை ஆயுட்காலம் 8 நாள், 24 நாளுக்குப் பிறகு மீதமிருக்கும் செயல்பாடு என்ன என்று ஒரு கணக்கு. 24 நாள் என்றால் மூன்று அரை ஆயுட்காலம், ஒவ்வொன்றுக்கும் ஒரு 2, ஆக 2 × 3 = 6 என்று எண்ணி 640-ஐ 6-ஆல் வகுத்தேன். தவறு என்று அடித்துவிட்டார்கள். ஆனால் இதே முறையில் 16 நாளுக்குப் போட்ட கணக்கு சரியாக வந்ததே, அது எப்படி? 20 நாள் என்று கேட்டால் என்ன செய்வது?

பதில்:

விடை 80 பெக்கொரல். வகுத்திருக்க வேண்டியது 8-ஆல். ஆனாலும் உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்தது அந்த 16 நாள் கணக்குதான், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் விதி "அரை ஆயுட்காலங்களின் எண்ணிக்கையை 2-ஆல் பெருக்கு, வருவதால் வகு" என்பது. சரியான விதி "எத்தனை அரை ஆயுட்காலமோ அத்தனை 2-களை ஒன்றோடொன்று பெருக்கு, வருவதால் வகு" என்பது. ஒரே ஒரு அரை ஆயுட்காலம் என்றால் இரண்டு விதியும் 2 என்றே சொல்லும். இரண்டு என்றால் உங்கள் விதியில் 2 × 2, சரியான விதியிலும் 2 × 2. இரண்டும் 4. முதல் இரண்டு கணக்கிலும் தவறான விதி சரியான விடையைக் கொடுத்துவிடுகிறது. மூன்றாவதில்தான் அது பிடிபடுகிறது: உங்களுக்கு 2 × 3 = 6, உண்மையில் 2 × 2 × 2 = 8. அதற்கு மேல் இரண்டும் வேகமாக விலகிப் போகும். ஐந்து அரை ஆயுட்காலத்தில் ஒன்று 10, மற்றது 32. பத்தில் ஒன்று 20, மற்றது 1024. ஆகவே இந்தக் கணக்கில் ஒரு முறை சரியா என்று சோதிக்க வேண்டுமானால் மூன்று அரை ஆயுட்காலத்தை வைத்துச் சோதியுங்கள். அதற்குக் குறைவான சோதனை எதையும் காட்டிக்கொடுக்காது.

பெருக்க வேண்டும் என்பது மனப்பாட விஷயம் இல்லை. என்ன நடக்கிறது என்று பார்த்தால் தானாகவே வந்துவிடும். முதல் 8 நாளில் 640-இல் பாதி போய் 320 நிற்கிறது. அடுத்த 8 நாளில் பாதியாவது எது? பழைய 640 இல்லை, கையில் இருக்கும் 320. அது 160 ஆகிறது. மூன்றாவது 8 நாளில் அந்த 160 பாதியாகி 80 ஆகிறது. ஒவ்வொரு முறையும் அப்போது மிச்சம் இருப்பதில்தான் பாதி. பாதியின் பாதியின் பாதி எட்டில் ஒரு பங்கு என்பதற்கு மேல் இதில் கணிதம் எதுவும் இல்லை.

விடைத்தாளில் இப்படி நிரையாக எழுதிவிடுங்கள்:

```
நாள்        0     8     16    24
செயல்பாடு   640   320   160   80
```

இதில் முதல் நிரலைக் கவனிக்க வேண்டும். சுழியம் நாளை எழுதாமல், 640-ஐ 8-ஆம் நாளின் கீழ் எழுதித் தொடங்குகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு 24-ஆம் நாளில் 160 வரும். முறை தெரியும், பாதியாக்கவும் தெரியும், ஆனால் ஒரு படி பின்தங்கிவிடுகிறார்கள். எண்ண வேண்டியது எண்களை அல்ல, எண்களுக்கு நடுவில் உள்ள தாவல்களை. 640-இலிருந்து 80 வர மூன்று தாவல். அந்த நிரையில் எழுதப்பட்ட எண்கள் மட்டும் நான்கு.

இனி, ஏன் எப்போதும் மிச்சத்தில் பாதி என்ற கேள்வி. இதற்கு விடை தெரியாமல் கணக்கு மட்டும் போட்டால் அடுத்த திருப்பத்தில் மறுபடி வழுக்கும்.

"அரை ஆயுட்காலம்" என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றுகிறது. அரை ஆயுள் 8 நாள் என்றால் முழு ஆயுள் 16 நாள், அதோடு மாதிரி தீர்ந்துவிடும் என்று மனம் தானாகச் சொல்கிறது. மனிதர்களுக்கு ஆயுள் என்பது அப்படித்தான் பொருள்படும்: வயது ஏற ஏற முடிவு நெருங்கும். அணுக்கருவுக்கு வயது ஏறுவதில்லை. இன்று காலை உருவான அயோடின்-131 அணுக்கருவும், ஒரு மாதமாகச் சிதையாமல் தாக்குப்பிடித்த அணுக்கருவும் எல்லா வகையிலும் ஒன்றே. அடுத்த 8 நாளில் சிதைவதற்கான வாய்ப்பு இரண்டுக்கும் சரிபாதி. எத்தனை நாள் கடந்தது என்பது அணுக்கருவில் எங்கும் எழுதப்படவில்லை. அதனால் 16-ஆம் நாளில் மிச்சமிருக்கும் கால் பங்கு அணுக்கருக்கள் "கிழடு தட்டிப் போனவை" அல்ல. அவை புதிய மாதிரியைப் போலவே முதலிலிருந்து தொடங்குகின்றன, அடுத்த 8 நாளில் அவற்றிலும் பாதி நிற்கும்.

சரி, பாதியாவது அணுக்கருக்களின் எண்ணிக்கை. கேட்டது செயல்பாட்டை. இரண்டும் சேர்ந்தே பாதியாகும் என்று எப்படிச் சொல்வது? செயல்பாடு என்பது ஒரு வினாடியில் எத்தனை அணுக்கருக்கள் சிதைகின்றன என்ற வீதம். ஒரு வினாடிக்கு ஒரு சிதைவு என்றால் ஒரு பெக்கொரல். அயோடின்-131-ஐப் பொறுத்தவரை ஒரு வினாடியில் ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஓர் அணுக்கரு சிதைகிறது. (அரை ஆயுட்காலத்தை வினாடியாக்கி 0.693-ஆல் வகுத்தால் இந்தப் பத்து லட்சம் வரும். அந்த 0.693 எங்கிருந்து வந்தது என்பதை மேல்வகுப்பில் மடக்கையோடு படிப்பீர்கள்.) உங்கள் மாதிரியில் வினாடிக்கு 640 சிதைகிறது என்றால், அதில் உள்ள அணுக்கருக்கள் 640 பத்து லட்சம், அதாவது 64 கோடி. 8 நாள் கழித்து 32 கோடிதான் மிச்சம். பத்து லட்சத்தில் ஒன்று என்ற விகிதம் மாறவில்லை, ஆகவே வினாடிக்கு 320. ஆள் குறைந்தால் விழுபவர் எண்ணிக்கையும் அதே அளவில் குறையும். செயல்பாடும் அணுக்கருக்களின் எண்ணிக்கையும் ஒரே தாளத்தில் பாதியாவதற்குக் காரணம் இதுதான்.

64 கோடி என்றதும் பெரிய கட்டி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். அத்தனை அயோடின் அணுக்களையும் ஓரிடத்தில் குவித்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்து, அதில் ஒரு துண்டை எடுத்து மறுபடி பத்து லட்சமாகப் பிரித்தால் கிடைப்பதைவிடவும் குறைவு.

இங்கே கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்குப் பிரியமான ஒரு வலை இருக்கிறது. "மீதமுள்ளது எவ்வளவு" என்பதற்கும் "சிதைந்தது எவ்வளவு" என்பதற்கும் கணக்கு ஒன்றே, விடை வேறு. 24 நாளில் மீதம் எட்டில் ஒன்று, சிதைந்தது எட்டில் ஏழு. உங்கள் மாதிரியில் 8 கோடி அணுக்கருக்கள் மீதம், 56 கோடி சிதைந்தவை. சிதைந்தவை காணாமல் போய்விடவில்லை. ஒவ்வொன்றும் ஒரு பீட்டா துகளை வெளியேற்றிவிட்டு செனான்-131 ஆக மாறியிருக்கிறது. செனான்-131 நிலையானது, அதன்பின் சிதையாது. ஆகவே "24 நாளில் மாதிரியின் நிறை எட்டில் ஒன்றாகிவிடும்" என்று எழுதினால் தவறு. மூடிய குப்பிக்குள் எல்லாம் அப்படியே இருந்தால் மொத்த நிறை ஏறத்தாழ மாறாது. குறைந்தது அயோடின்-131-இன் பங்கு மட்டுமே.

அடுத்து உங்கள் 20 நாள். 20-ஐ 8-ஆல் வகுத்தால் 2.5 அரை ஆயுட்காலம். இரண்டு தாவலில் 160-க்கு வந்துவிட்டீர்கள், இன்னும் அரைத் தாவல் பாக்கி. பெரும்பாலானவர்கள் இங்கே 160-க்கும் 80-க்கும் நடுவில் இருக்கும் 120-ஐ எழுதுவார்கள். பார்க்க நியாயமாகவும் இருக்கிறது. ஆனால் அது தவறு.

யோசித்துப் பாருங்கள். 16-ஆம் நாளிலிருந்து 24-ஆம் நாள் வரையிலான 8 நாளை நான்கு நான்கு நாளாகப் பிரிக்கிறோம். முதல் நான்கு நாளில் செயல்பாடு ஏதோ ஒரு பின்னத்தால் பெருக்கப்படுகிறது. அணுக்கருவுக்கு வயதில்லை என்று சொன்னோம், ஆகவே அடுத்த நான்கு நாளிலும் அதே பின்னத்தால்தான் பெருக்கப்பட வேண்டும். இரண்டு முறை பெருக்கிய பிறகு பாதி வர வேண்டும். தன்னோடு தானே பெருக்கினால் 0.5 தரும் எண் எது? 0.5-இன் வர்க்கமூலம், அதாவது 0.707. ஆகவே 20-ஆம் நாளில் 160 × 0.707 = 113 பெக்கொரல். சரிபார்க்க இன்னொரு முறை பெருக்குங்கள்: 113 × 0.707 ஏறத்தாழ 80. பொருந்துகிறது. 120-ஐ வைத்துப் பாருங்கள்: 160-இலிருந்து 120 வர 0.75-ஆல் பெருக்க வேண்டும். அடுத்த நான்கு நாளிலும் அதே 0.75 என்றால் 90 வருகிறது, 80 வரவில்லை. 120 தன் குட்டைத் தானே உடைத்துக்கொள்கிறது.

இதையே ஒரே வரியில் சொல்வதுதான் சூத்திரம்:

```
n = t / T
A = A0 × (1/2)^n
```

இதில் A0 தொடக்கச் செயல்பாடு, t கடந்த காலம், T அரை ஆயுட்காலம், n எத்தனை அரை ஆயுட்காலம் என்பது. n முழு எண்ணாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கணிப்பானில் 0.5-இன் 2.5-ஆம் அடுக்கைக் கண்டு 640-ஆல் பெருக்கினால் அதே 113 வரும். ஒரே நிபந்தனை, t-யும் T-யும் ஒரே அலகில் இருக்க வேண்டும். மருத்துவமனைகளில் படமெடுக்கப் பயன்படும் டெக்னீசியம்-99எம்-இன் அரை ஆயுட்காலம் 6 மணி நேரம். "ஒரு நாள் கழித்து" என்று கேட்டால் n என்பது 24-ஐ 6-ஆல் வகுத்து வரும் 4. அவசரத்தில் 1-ஐ 6-ஆல் வகுத்துவிட்டு, செயல்பாடு அவ்வளவாகக் குறையவில்லையே என்று வியப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கணிப்பானில் வந்த விடை நம்பத்தகுந்ததா என்று பார்க்க ஓர் எளிய வழி: n = 2.5 என்றால் விடை இரண்டாம் தாவலின் எண்ணுக்கும் மூன்றாம் தாவலின் எண்ணுக்கும் இடையில் இருக்க வேண்டும், அதுவும் நடுவைவிடச் சற்றுக் கீழே. ஒவ்வொரு தாவலிலும் முற்பாதியில்தான் அதிகம் சரிகிறது, அதனால்தான் நடுவைவிடக் கீழே.

இப்படிப் பாதி பாதியாகப் போனால் சுழியம் எப்போது வரும் என்று அடுத்து கேட்பீர்கள். சூத்திரத்தின்படி ஒருபோதும் வராது. நடைமுறையில் பத்து அரை ஆயுட்காலம் கழிந்தால் ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவாகிவிடும் என்பதை வைத்துக்கொண்டு "பத்து போதும்" என்று சொல்லும் வழக்கம் உண்டு. உங்கள் 640 பெக்கொரலுக்கு அது சரி: 80 நாளில் 0.6 பெக்கொரல், அதாவது மூன்று வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு சிதைவு. ஆனால் அந்த விதி எத்தனை பங்கு மிச்சம் என்பதை மட்டும் சொல்கிறது, எவ்வளவு மிச்சம் என்பதைச் சொல்வதில்லை. தைராய்டு புற்றுநோய்ச் சிகிச்சையில் இதே அயோடின்-131-ஐ 370 கோடி பெக்கொரல் போன்ற அளவில் கொடுக்கிறார்கள். அவ்வளவு அயோடின் ஒரு குப்பியில் இருந்து, பத்து அரை ஆயுட்காலம் கழிந்தால் மிச்சம் 36 லட்சம் பெக்கொரல். பத்து கடந்துவிட்டது என்று அதைக் கழிவுத்தொட்டியில் போட முடியாது. (நோயாளியின் உடலில் இதைவிட வேகமாகக் குறையும். சிதைவதோடு சிறுநீர் வழியாக வெளியேறவும் செய்கிறதே. நம் சூத்திரம் உள்ளே வருவதும் வெளியே போவதும் இல்லாத மாதிரிக்கு மட்டும்.)

இன்னும் கீழே போனால் சூத்திரமே தள்ளாடத் தொடங்கும். உங்கள் 64 கோடி அணுக்கருக்களை 30 முறை பாதியாக்கினால் 0.6 அணுக்கரு என்று விடை வரும். முக்கால் அணுக்கரு, அரை அணுக்கரு என்று உலகில் எதுவும் கிடையாது. அந்த 240-ஆம் நாளில் குப்பியில் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம், ஒன்று இருக்கலாம், இரண்டும் இருக்கலாம். சூத்திரம் தருவது சராசரியை. கோடிக்கணக்கில் அணுக்கருக்கள் இருக்கும்வரை சராசரிக்கும் நடப்புக்கும் வேறுபாடு தெரியாது, விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்ததும் தெரியும்.

அரை ஆயுட்காலம் என்ற கருத்து வந்ததே இப்படி எண்களைப் பார்த்துத்தான். 1900-இல் ராதர்ஃபோர்டு தோரியத்திலிருந்து வெளிவந்த கதிரியக்க வாயு ஒன்றை அளந்துகொண்டிருந்தார். அதன் வீரியம் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ முந்தைய நிமிடத்தில் இருந்ததில் பாதியாவதைக் கண்டார். இன்று அதை ரேடான்-220 என்கிறோம், அரை ஆயுட்காலம் 56 வினாடி. அவர் தாளில் இருந்ததும் உங்கள் தாளில் இருக்க வேண்டிய அதே நிரைதான்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஆனால் செய்முறை வகுப்பில் இது உங்களைப் பிடிக்கும், என்னையும் மாணவப் பருவத்தில் பிடித்தது. கருவியில் தெரியும் எண் செயல்பாடு அல்ல. உங்கள் 640 பெக்கொரல் மாதிரியை ஒரு கைகர் எண்ணியின் முன் வைக்கிறீர்கள் என்று கொள்வோம். நிமிடத்துக்கு 38,400 சிதைவு நடக்கிறது. துகள்கள் எல்லாத் திசையிலும் பறப்பதால் கருவியின் சிறிய சாளரத்தில் ஒரு பகுதியே விழும். 120-இல் ஒன்று பதிகிறது என்று வைத்தால் நிமிடத்துக்கு 320. இதில் கவலை இல்லை. மாதிரியையும் கருவியையும் அதே தூரத்தில் வைத்திருக்கும்வரை அந்த 120-இல் ஒன்று மாறாது, பாதி பாதியாகவே நிற்கும்.

தொல்லை வேறிடத்திலிருந்து வருகிறது. மாதிரியை எடுத்துவிட்டாலும் கருவி எண்ணிக்கொண்டே இருக்கும். மண்ணிலும் சுவரிலும் உள்ள இயற்கைக் கதிரியக்கம், விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் எல்லாம் சேர்ந்த பின்னணி அது. நிமிடத்துக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். ஆகவே முதல் நாள் கருவி காட்டுவது 340. இதை 8-ஆல் வகுத்து, 24-ஆம் நாளில் 42 அல்லது 43 வரும் என்று காத்திருப்பீர்கள். வருவது 60. மாதிரியின் பங்கு 320-இலிருந்து 40 ஆகக் குறைந்துவிட்டது, பின்னணியின் 20 குறையவே இல்லை.

பின்னணியை மறந்தவர் 340 எப்படி 60 ஆயிற்று என்பதிலிருந்து அரை ஆயுட்காலத்தைக் கண்டுபிடிக்கப் போனால் என்ன ஆகும்? 340-ஐ 60-ஆல் வகுத்தால் 5.67. அது 2-இன் 2.5-ஆம் அடுக்கு. 24 நாளில் இரண்டரை அரை ஆயுட்காலம்தான் கழிந்தது என்று முடிவுகட்டி, ஒன்றுக்கு 9.6 நாள் என்று எழுதுவார். உண்மை 8. பின்னணியை விட்டுவிட்டால் பிழை எப்போதும் இந்தத் திசையில்தான் வரும்: அரை ஆயுட்காலம் உள்ளதைவிட நீளமாகத் தெரியும். நாள் செல்லச் செல்லப் பிழை கூடவும் செய்யும், மாதிரி ஓய்ந்தபிறகு கருவியில் மிச்சமாவது பின்னணி மட்டும்தானே. முதல் தாவலில் பாதியாக வரும் எண், அடுத்தடுத்த தாவல்களில் பாதிக்கு இறங்க அடம்பிடித்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மாதிரியை அப்பால் வைத்துவிட்டுப் பின்னணியைத் தனியாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் போதாது, பத்து நிமிடம் எண்ணிப் பத்தால் வகுப்பது நல்லது. பிறகு ஒவ்வொரு அளவீட்டிலிருந்தும் அதைக் கழித்துவிட்டுப் பாதியாக்குங்கள். கருவி எவ்வளவு காட்டும் என்று கேட்டால் பாதியாக்கிய பிறகு மறுபடி கூட்டுங்கள்: 340 - 20 = 320, 320 ÷ 8 = 40, 40 + 20 = 60.

அந்த 60-உம் ஒவ்வொரு நிமிடமும் 60 ஆகவே வராது. சிதைவு தற்செயலாக நடப்பதால் எண்ணிக்கை அலையும், அலைவின் அளவு ஏறத்தாழ எண்ணிக்கையின் வர்க்கமூலம். 60-க்கு அது 8. ஆகவே ஒரு நிமிட எண்ணிக்கைகளில் மூன்றில் இரண்டு பங்கு 52-க்கும் 68-க்கும் இடையில் விழும். 24-ஆம் நாளில் உங்கள் கருவி 55 காட்டினால் கணக்கைத் திருத்தப் போகாதீர்கள், இன்னும் சில நிமிடம் எண்ணிச் சராசரி எடுங்கள்.